தலைகீழ்க் கவர்

நாலே முக்காலுக்கு ஈரோட்டு மெயில் வண்டி பையை இறக்கிவிட்டுப் போய்விட்டது. மார்கழிப் பனியில் பை நனைந்து கனத்திருந்தது. பின்கட்டில் குடியிருக்கும் போஸ்ட்மாஸ்டர் கதவைத் திறந்துவிட்டு டீ போடப் போனார். பொன்னுசாமி கட்டை அறுத்து, பையை மேஜைமேல் கவிழ்த்தார்.

1983ல் இதே சென்னிமலை ஆபீசுக்கு சைக்கிளோடு வந்தவர். இப்போது வயது அறுபத்து நாலு. ஓய்வுக்கு இன்னும் அஞ்சு மாசம்தான். அவருடைய பீட்டைப் பழகிக்கொள்ளத் தமிழரசி ஒரு வாரமாக வருகிறாள். தென்காசிப் பக்கத்துப் பெண். இத்தனை விடியக்காலையில் வரச்சொல்லி யாரும் சொல்லவில்லை. இவர் வருகிறார் என்று அவளும் வருகிறாள்.

"முதல்ல பின்கோடு நம்பரைப் பாரு கண்ணு. பேரை அப்புறம் பாக்கலாம்."

638051 எல்லாம் ஒரு பக்கம் சேர்ந்தது. நடுவில் ஒரு 638701 வந்தது. காங்கேயம். தனியாகப் போட்டார். அடுத்தது 638101, அறச்சலூர். கண் எழுத்தைத் தொடுவதற்குள் கை போய்விடுகிறது. தமிழரசி ஒவ்வொன்றையும் விளக்குப் பக்கம் பிடித்துப் படித்தாள்.

"இது 638052ங்கய்யா. ஒரு நம்பர்தான் வித்தியாசம்."

"பெருந்துறை. அந்த ஒத்த நம்பர்ல பன்னெண்டு கிலோமீட்டர் இருக்குது. ஆறுல தொடங்குனா தமிழ்நாடு, கேரளா. 638ன்னா ஈரோட்டுப் பக்கம். கடைசி மூணும் இந்த ஆபீசு. 1972ல சுதந்திர தினத்தன்னைக்குக் கொண்டாந்தாங்க. இல்லீன்னா நம்மூர்ப் பக்கம் இத்தனை பாளையத்துல எந்தப் பாளையம்னு கண்டுபுடிக்கிறது?"

கிளை ஆபீஸ் பைகளுக்கானதைப் பிரித்து ஒதுக்கியாயிற்று. மிச்சம் டவுன் பீட். இந்த இடத்துக்கு வந்ததும் பொன்னுசாமி வேகத்தைக் குறைத்துவிடுவார்.

ஒவ்வொரு கவராக எடுத்து இடது கையில் அடுக்கினார். பஸ் ஸ்டாண்டு ஜவுளிக் கடை, மருந்துக் கடை, வளைவில் திரும்பினால் வாத்தியார் வீடு, அடுத்து நெசவாளர் வீதியின் வடபுறம். காலால் நடக்கப்போகும் வழியை விரல் முன்னாடியே நடந்துவிடும். நடுவில் ஒரு இடத்தில் நின்றார். நாச்சிமுத்து வீடு இருந்த இடம். போன தைக்கு முந்தின தையில் தறிக்குழியிலேயே சாய்ந்துவிட்டவர். அவருக்குத் தபால் வருவதில்லை. ஆனாலும் கை அங்கே ஒரு நொடி நிற்கும். நின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்.

கட்டை அவளிடம் கொடுத்து வரிசையைச் சரிபார்க்கச் சொன்னார். அவள் ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒரு கவரை உருவி நேராக்கி வைத்தாள்.

"தலைகீழா இருந்துச்சுங்கய்யா."

"அதை அப்படியே வையி கண்ணு."

பேங்க் கவர்தான். ராக்கியம்மாள் என்று அச்சில் இருந்தது.

"அந்த ஆத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கறான். கவரைக் குடுத்துட்டு வந்துட்டா, ரண்டு நாளைக்கு அரிசிப் பானைக்கு அடியில வெச்சுக்கிட்டுப் பயந்துட்டே கெடக்கும். கடன் நோட்டீசோ என்னமோன்னு. தலைகீழா இருந்தா, நின்னு படிச்சுச் சொல்லிட்டுப் போவோணும்னு அர்த்தம். சைக்கிள்ல போற வேகத்துல மறந்துறக் கூடாதல்லோ."

தமிழரசி கவரைத் திரும்பவும் கவிழ்த்து வைத்தாள். பிறகு கட்டு முழுவதையும் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாள். இன்னும் மூன்று தலைகீழாக இருந்தன. ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே இருட்டு வெளுத்துக்கொண்டிருந்தது. மலைக்கோயில் விளக்கு மங்கித் தெரிந்தது. எதிர் வீதியில் எங்கோ முதல் தறி ஓடத் தொடங்கியது. டக், டக் என்று நாடா போய் வருகிற சத்தம். போஸ்ட்மாஸ்டர் இரண்டு டம்ளரில் டீயை வைத்துவிட்டு முத்திரையில் தேதி மாற்ற உட்கார்ந்தார்.

பொன்னுசாமி டீயை ஊதிக் குடித்துவிட்டு, கட்டுவதற்குச் சணலை எடுத்தார்.

"ஒரு நிமிசம் இருங்கய்யா."

அவள் கட்டின் நடுவிலிருந்து ஒரு போஸ்ட் கார்டை உருவினாள். வாத்தியார் வீட்டுக்கு வந்தது. நாற்பது வருசம் பள்ளிக்கூடத்தில் ஊரையே படிக்க வைத்தவர்.

"அவருக்கா?"

"முந்தாநாளு நான் குடுத்தப்போ கையெழுத்துப் போட இடத்தைத் தடவித்தாங்கய்யா கண்டுபுடிச்சாரு. பேனாவை நான்தான் கொண்டுபோய் வெச்சேன். உங்ககிட்டச் சொல்ல வேணாம்னாரு."

கார்டைத் தலைகீழாகத் திருப்பி, அதே இடத்தில் செருகினாள்.

பொன்னுசாமி சணலைக் கையில் வைத்தபடி அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கட்டை அவள் பக்கம் தள்ளி, சணலை நீட்டினார்.

"நீயே கட்டு கண்ணு."