பத்தாம் வகுப்பு அறிவியல் மாதிரித் தேர்வு: வினாத்தாள் புளூபிரிண்ட்

தேர்வு: பள்ளி அளவிலான மாதிரித் தேர்வு, செப்டம்பர் முதல் வாரம்
நேரம்: 3 மணி
மதிப்பெண்: 75
பாடப்பகுதி: அலகுகள் 1, 2, 3 (இயற்பியல்), 7, 8 (வேதியியல்), 12, 13, 14 (உயிரியல்)
பெறுவோர்: வினா எழுதும் மூன்று ஆசிரியர்களும்

வினாக்களை முதலில் எழுதிவிட்டு, அட்டவணையை அதற்கேற்ப நிரப்பும் வழக்கத்தை இந்த முறை விட்டுவிடுவோம். அட்டவணைதான் முதலில். கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் வினா எழுத வேண்டும். நல்ல வினா ஒன்று கையில் இருக்கிறது, ஆனால் கட்டம் இல்லை என்றால், அது அடுத்த தேர்வுக்குப் போகட்டும்.

வினாத்தாளின் அமைப்பு

பொதுத்தேர்வின் அமைப்பையே பின்பற்றுகிறோம். பகுதி 1-இல் பலவுள் தெரிக 12. பகுதி 2-இல் இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, எழுத வேண்டியவை 7. பகுதி 3-இல் நான்கு மதிப்பெண் வினாக்கள் 10, எழுத வேண்டியவை 7. பகுதி 4-இல் ஏழு மதிப்பெண் வினாக்கள் மூன்று, ஒவ்வொன்றும் 'அல்லது' உள்ளது. வினா 22, வினா 32 கட்டாய வினாக்கள்.

மாணவர் எழுதுவது 75 மதிப்பெண்ணுக்கு. நாம் கேட்பது 12 + 20 + 40 + 42 = 114 மதிப்பெண்ணுக்கு. அலகுகளுக்குப் பங்கு பிரிக்கும்போது 114-ஐத்தான் பிரிக்க வேண்டும். 75-ஐப் பிரித்தால் பகுதி 2, 3-இல் கணக்கு இடிக்கும்.

பங்கின் அடிப்படை

பாடக்குறிப்பேட்டில் உள்ள பாடவேளைகளை எண்ணினேன். எட்டு அலகுகளுக்கும் சேர்த்து 57. ஆகவே ஒரு பாடவேளைக்கு 2 மதிப்பெண். புத்தகத்தில் எத்தனை பக்கம் என்பதைப் பார்த்துப் பிரிக்கவில்லை. பக்கம் குறைவாக இருந்தும் நாம் நாள்கணக்கில் நின்று நடத்திய பகுதிகள் உண்டு. பிள்ளைகள் உழைத்தது அங்கேதான்.

| அலகு | பாடவேளை | 1 மதிப். | 2 மதிப். | 4 மதிப். | 7 மதிப். | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|
| 1. இயக்க விதிகள் | 9 | 1 | 1 | 2 | 1 | 18 |
| 2. ஒளியியல் | 9 | 1 | 1 | 2 | 1 | 18 |
| 3. வெப்ப இயற்பியல் | 5 | 2 | 2 | 1 | – | 10 |
| 7. அணுக்களும் மூலக்கூறுகளும் | 8 | 3 | 1 | 1 | 1 | 16 |
| 8. ஆவர்த்தன வகைப்பாடு | 7 | 1 | 1 | 1 | 1 | 14 |
| 12. தாவர உள்ளமைப்பியல், செயலியல் | 8 | 1 | 2 | 1 | 1 | 16 |
| 13. உயிரினங்களின் அமைப்பு நிலைகள் | 4 | 2 | 1 | 1 | – | 8 |
| 14. கடத்துதல், சுற்றோட்டம் | 7 | 1 | 1 | 1 | 1 | 14 |
| வினாக்கள் | 57 | 12 | 10 | 10 | 6 | 114 |

பலவுள் தெரிக பகுதியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றுக்கும் தலா 4 வினா வருகிறது. வேதியியலில் இரண்டே அலகுகள் இருப்பதால், அலகு 7-க்கு மூன்று ஒரு மதிப்பெண் வினாக்கள் கொடுத்திருக்கிறேன். மோல், அவகாட்ரோ எண், ஐசோடோப்பு ஆகியவை சின்ன வினாக்களுக்கு ஏற்றவை.

கடினநிலை

எ = எளிது: புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி நினைவிலிருந்து எழுதுவது. ந = நடுத்தரம்: வேறுபடுத்துவது, காரணம் கூறுவது, ஒரே படியில் முடியும் கணக்கு. க = கடினம்: வகுப்பில் நேரடியாக நடத்தாத ஒரு சூழலில் படித்ததைப் பொருத்துவது, அல்லது இரண்டு படிக் கணக்கு. நீளமான விடை என்பதாலேயே ஒரு வினா கடினமாகிவிடாது. முயலின் பல்லமைப்பை நான்கு மதிப்பெண்ணுக்கு எழுதச் சொல்வது எளிய வினாதான்.

கட்டங்களில் வினா எண்ணும் கடினநிலையும்:

| அலகு | பகுதி 1 | பகுதி 2 | பகுதி 3 | பகுதி 4 | எ | ந | க |
|---|---|---|---|---|---|---|---|
| 1 | 1எ | 13ந | 23எ, 24ந | 33 | 8 | 8 | 2 |
| 2 | 2ந | 14எ | 25ந, 32க | 33 | 5 | 7 | 6 |
| 3 | 3எ, 4ந | 15எ, 22க | 26ந | – | 3 | 5 | 2 |
| 7 | 5எ, 6ந, 7க | 16க | 27எ | 34 | 8 | 3 | 5 |
| 8 | 8எ | 17ந | 28ந | 34 | 4 | 8 | 2 |
| 12 | 9எ | 18எ, 19ந | 29ந | 35 | 6 | 8 | 2 |
| 13 | 10எ, 11ந | 20எ | 30எ | – | 7 | 1 | 0 |
| 14 | 12க | 21ந | 31க | 35 | 3 | 4 | 7 |
| மொத்தம் | 12 | 20 | 40 | 42 | 44 | 44 | 26 |

அலகு 13-இல் கடின வினா இல்லை. அட்டையையும் முயலையும் பற்றிய அந்தப் பாடத்தில் பெரும்பாலும் உறுப்புகளின் அமைப்பைத்தான் நடத்தினோம். கடினத்தைத் திணித்தால் பாடத்தில் இல்லாததைக் கேட்பதாகிவிடும். அதை ஈடுகட்ட அலகு 14-இல் கூடுதலாக வைத்திருக்கிறேன்.

ஏழு மதிப்பெண் வினாக்கள்

மூவரும் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஜூலைத் தேர்வுக்கு நான் எழுதிய தாளில் 35-ஆவது வினாவின் (அ) முழுக்க ஓர் அலகிலிருந்தும் (ஆ) முழுக்க இன்னோர் அலகிலிருந்தும் வந்தன. விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரிந்தது: ஓர் அலகைத் தொடாமலே சில பிள்ளைகள் 70-க்கு மேல் எடுத்திருந்தார்கள். 2, 4 மதிப்பெண் வினாக்களைத் தேர்வு உரிமையில் விட்டுவிடலாம், 7-க்கு 'அல்லது' இருக்கிறது. முழு அலகையும் படிக்காததற்கு இழந்தது ஒரே ஒரு மதிப்பெண். நன்றாகப் படிக்கும் பிள்ளை என்று நம்பிவிட்டோம். பொதுத்தேர்வில் அதே அலகிலிருந்து கட்டாய வினா வந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

ஆகவே 33, 34, 35 மூன்றிலும் இரண்டு அலகுகளைக் குறுக்காகப் பின்னுகிறோம். (அ)-வில் முதல் 3 மதிப்பெண் ஓர் அலகிலிருந்து எளிது. அடுத்த 2 நடுத்தரமும் கடைசி 2 கடினமும் மற்ற அலகிலிருந்து. (ஆ)-வில் அலகுகள் இடம் மாறும். இப்படிச் செய்தால் ஒவ்வொரு அலகுக்கும் 7 மதிப்பெண் அப்படியே நிற்கும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு அலகும் வந்துவிடும். ஓர் அலகை விட்டுவிட்டால் பகுதி 4-இல் மட்டும் குறைந்தது 3 மதிப்பெண் போகும்.

வினா 35 இப்படி அமையும்:

35 (அ) (i) பசுங்கணிகத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க. (3, அலகு 12) (ii) பரவலுக்கும் சவ்வூடு பரவலுக்கும் உள்ள வேறுபாடு யாது? (2, அலகு 14) (iii) அளவுக்கு மீறி உரமிட்ட வயலில், தண்ணீர் இருந்தும் பயிர் வாடுகிறது. ஏன்? (2, அலகு 14)

அல்லது

35 (ஆ) (i) மனித இதயத்தின் உள்ளமைப்பைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்க. (3, அலகு 14) (ii) ஒளிவினைக்கும் இருள்வினைக்கும் உள்ள வேறுபாடு யாது? (2, அலகு 12) (iii) மூன்று நாள்கள் இருட்டறையில் வைத்த செடியின் இலையை அயோடின் கொண்டு சோதித்தால் என்ன காண்பாய்? காரணம் கூறுக. (2, அலகு 12)

இரண்டிலும் படம், வேறுபாடு, காரணம் என்று ஒரே வரிசை. (அ)-வில் படம் கேட்டு (ஆ)-வில் வரையறை கேட்டால் அது சமமான 'அல்லது' ஆகாது. 33, 34-க்கும் இதே அளவுகோல்.

கட்டாய வினாக்கள்

வினா 22-ஐ அலகு 3-இல் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த அலகில் ஏழு மதிப்பெண் வினா இல்லை; கட்டாய வினாவும் இல்லையென்றால் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். வினா: "மாறாத அழுத்தத்தில் 27 டிகிரி செல்சியஸில் ஒரு வாயுவின் பருமன் 3 லிட்டர். 127 டிகிரி செல்சியஸில் அதன் பருமன் என்ன?" கெல்வினுக்கு மாற்றினால் 300, 400, விடை 4 லிட்டர். மாற்றாமல் போட்டால் 14 லிட்டருக்கு மேல் வரும். சார்லஸ் விதியைச் சரியாக எழுதிவிட்டு வெப்பநிலையை மாற்றத் தவறியவருக்கு 1 மதிப்பெண் கொடுங்கள்.

வினா 32, அலகு 2: "10 செ.மீ. குவியத்தொலைவு உள்ள குவிலென்சிலிருந்து 15 செ.மீ. தொலைவில் ஒரு பொருள் வைக்கப்பட்டுள்ளது. பிம்பத்தின் தொலைவையும் உருப்பெருக்கத்தையும் கணக்கிட்டு, பிம்பத்தின் தன்மையைக் கூறுக." பொருளின் தொலைவு குறைக்குறி பெறும், விடை 30 செ.மீ., உருப்பெருக்கம் –2, தலைகீழான மெய்ப்பிம்பம். குறியீட்டு மரபுக்கு 1, பிம்பத் தொலைவுக்கு 1, உருப்பெருக்கத்துக்கு 1, தன்மைக்கு 1.

சரிபார்த்தது

மெல்லக் கற்கும் மாணவர் எளிய வினாக்களை மட்டும் சரியாக எழுதினால்: பகுதி 1-இல் 6, பகுதி 2-இல் 8, பகுதி 3-இல் 12, பகுதி 4-இன் முதல் படிகளில் 9. மொத்தம் 35. பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வின் தேர்ச்சிக்குத் தேவை 20. அவர்கள் இரண்டு மூன்று இடங்களில் தவறினாலும் தாங்கும். இந்தப் 15 மதிப்பெண் இடைவெளியை யாரும் குறைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் தேர்விலேயே தோற்றவர் அடுத்த தேர்வுக்குப் புத்தகத்தைத் திறப்பதில்லை.

கடின வினாக்களைத் தவிர்க்கவே நினைக்கும் மாணவரும் 14 மதிப்பெண்ணுக்கு அவற்றைச் சந்தித்தே ஆக வேண்டும்: பகுதி 1-இல் 2, வினா 22-இல் 2, வினா 32-இல் 4, பகுதி 4-இல் 6. வினா 16-ஐயும் 31-ஐயும் விட்டுவிடலாம்.

நேரம்: பகுதி 1-க்கு 12 நிமிடம், பகுதி 2-க்கு 28, பகுதி 3-க்கு 70, பகுதி 4-க்கு 60. திரும்பிப் பார்க்க 10 நிமிடம் மீதி.

வேலைப் பங்கீடு

இயற்பியல் வினாக்கள் 1–4, 13–15, 22–26, 32, 33 என் பொறுப்பு. வேதியியல் ஆசிரியர் 5–8, 16, 17, 27, 28, 34. உயிரியல் ஆசிரியை 9–12, 18–21, 29–31; வினா 35 மேலே உள்ளபடி இருக்கலாம், மாற்ற விரும்பினால் வரிசை மாறாமல் மாற்றுங்கள். ஒவ்வொரு வினாவின் கீழும் விடைக்குறிப்பும் படிவாரி மதிப்பெண்ணும் வேண்டும். ஆகஸ்ட் 29-க்குள் கொடுத்துவிட்டால், மறுநாள் மதிய இடைவேளையில் மூவரும் உட்கார்ந்து, ஒருவர் எழுதிய எ, ந, க குறிகளை மற்றவர் மறைத்து வைத்துப் பார்த்து, நம் மதிப்பீடு ஒத்துப்போகாத வினாக்களை மட்டும் எடுத்துப் பேசுவோம்.