8ஆம் வகுப்பு, ஆ பிரிவு: பாடவேளை அட்டவணை

அறிவிப்புப் பலகையில் உள்ள தாளைப் பார்த்து எழுதியது. வெற்றுக் கட்டங்கள் தாளிலும் வெறுமையாகவே இருக்கின்றன. அங்கே என்ன பாடம் என்று நானாக ஊகித்து நிரப்பவில்லை.

| நாள் | 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 |
|---|---|---|---|---|---|---|---|
| திங்கள் | தமிழ் | கணக்கு | ஆங்கிலம் | அறிவியல் | சமூக அறிவியல் | கணக்கு | |
| செவ்வாய் | கணக்கு | தமிழ் | ஆய்வகம் | ஆய்வகம் | ஆங்கிலம் | | உடற்கல்வி |
| புதன் | ஆங்கிலம் | கணக்கு | தமிழ் | சமூக அறிவியல் | அறிவியல் | நூலகம் | |
| வியாழன் | தமிழ் | ஆங்கிலம் | கணக்கு | | சமூக அறிவியல் | ஓவியம் | ஓவியம் |
| வெள்ளி | அறிவியல் | தமிழ் | சமூக அறிவியல் | கணக்கு | ஆங்கிலம் | உடற்கல்வி | |

வியாழன் 4ஆம் பாடவேளையைக் கவனமாகப் பாருங்கள். நடுவில் காலி விழுந்திருப்பதால், வேகமாகப் படித்தால் சமூக அறிவியல் ஒரு கட்டம் முன்னால் வந்துவிடும். அது 5ஆம் பாடவேளைதான். செவ்வாய் 6உம் அப்படியே.

ஆய்வகமும் ஓவியமும் தாளில் இரண்டு கட்டங்களை இணைத்து ஒரே முறை எழுதப்பட்டுள்ளன. இங்கே இரண்டிலும் எழுதியிருக்கிறேன்.

அப்புறம், 4க்கும் 5க்கும் இடையில் மேலிருந்து கீழாக ‘உணவு இடைவேளை’ என்று ஒரு பட்டை இருக்கிறது. அதற்கு எண் இல்லாததால் தனிப் பத்தியாகச் சேர்க்கவில்லை.