முகநூலிலிருந்து விடைபெறுகிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வரும் ஜனவரி 31ஆம் தேதி இரவு என் முகநூல் கணக்கை நீக்கவிருக்கிறேன். யாரோடும் எனக்கு மனத்தாங்கல் இல்லை. தாமிரபரணிப் பாசனக் குளங்களைப் பற்றி இங்கே துண்டு துண்டாக எழுதி வந்தவற்றை ஒரு முழு நூலாக்க வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக இருக்கிறது. பள்ளி வேலை முடிந்த பின் கிடைக்கும் மாலைப்பொழுதைப் பதிவுக்கும் பதிலுக்கும் கொடுத்துவிட்டால், கன்னடியன் கால்வாயிலிருந்து மருதூர் மேலக்கால் வரை கரையோரமாக நடந்து பார்ப்பதற்கும் பார்த்ததை நிதானமாக எழுதுவதற்கும் பொழுது மிஞ்சுவதில்லை.

இங்கே பெற்றவை கொஞ்சமல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டி, திருவைகுண்டம் சுற்றுவட்டாரத்தில் குளக்கரைகள் உடைந்தபோது, எந்த ஊருக்குப் பாதை இருக்கிறது, எங்கே பாலும் குடிநீரும் தேவை என்பதை ஒருவருக்கொருவர் எழுதித் தெரிவித்த அந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். ஒரு குமிழித் தூம்பின் படத்தை இட்டபோது, நீருக்குள் மூழ்கி அதன் அடைப்பைத் திறந்துவந்த தன் தாத்தாவைப் பற்றி, அவர் எவ்வளவு நேரம் மூச்சடக்குவார், மேலே வந்ததும் கரையில் நிற்பவர்கள் எப்படிக் கைகொடுத்து ஏற்றுவார்கள் என்றெல்லாம் ஒரு நண்பர் கீழே எழுதினார். என் பதிவைவிட அதுவே பெரிய ஆவணம்.

இந்தப் பின்னூட்டங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கணக்கின் தகவல்களைத் தரவிறக்கும்போது நான் எழுதியவையும் என் படங்களும் கிடைக்கின்றன. நீங்கள் எழுதியவை அவற்றோடு வருவதில்லை. கணக்கை நீக்கினால் பதிவுகளோடு அவையும் போய்விடும். ஆகவே குளங்கள் தொடர்பான பின்னூட்டங்களைத் தனியே படியெடுத்து வருகிறேன். உங்கள் குறிப்பை நூலில் உங்கள் பெயரோடு சேர்ப்பதில் தடையிருந்தால், மாத இறுதிக்குள் உள்பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். உங்களுக்கென ஒரு பிரதி வேண்டுமானாலும் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

தற்காலிகமாக முடக்கி வைத்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். நினைத்தவுடன் திரும்ப முடிகிற இடத்திலிருந்து விலகி நிற்பது எனக்கு இயலாது என்பதால் நீக்குவதையே தேர்ந்தேன். நீக்கக் கோரிய பின் 30 நாட்களுக்குள் உள்நுழைந்தால் அந்தக் கோரிக்கையை ரத்து செய்துவிட முடியும். நான் நுழையப் போவதில்லை. அதன்பின் என் பெயரில் நட்பு அழைப்பு வந்தால் அது நானல்ல, தயவுசெய்து ஏற்க வேண்டாம். நாம் உள்பெட்டியில் பேசிக்கொண்டவை உங்கள் பக்கத்தில் அப்படியே இருக்கும்.

நமது குளங்கள் குழுவின் பொறுப்பைப் பாளையங்கோட்டை நண்பர்கள் இருவர் ஏற்றுக்கொண்டார்கள். குழு வழக்கம்போல் நடக்கும். என் கைபேசி எண் பழையதுதான். எண் இல்லாதவர்கள் இந்த மாதத்திற்குள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருநெல்வேலிப் பக்கம் வந்தால் கட்டாயம் அழையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏதாவது ஒரு குளக்கரையில் இருப்பேன், சேர்ந்தே போகலாம்.