இரண்டு வீட்டுப் பிள்ளைகள், ஒரே கூரை

*மறுமணம் செய்துகொள்ளும் இருவருக்குமே பிள்ளைகள் இருந்தால், கல்யாணத்தன்று சேர்வது பெரியவர்கள் இருவர் மட்டும்தான். பிள்ளைகள் சேர வருடங்கள் ஆகும். அந்த வருடங்களைப் பற்றித்தான் இந்த இரண்டு பக்கங்கள்.*

காரின் முன் இருக்கையில் தொடங்கியது முதல் சண்டை. அம்மா இறந்தபிறகு மூன்று வருடமாக அந்தப் பெண் அப்பாவுக்குப் பக்கத்தில் அந்த இருக்கையில் உட்கார்ந்துதான் பள்ளிக்குப் போய்வந்தாள். பாட்டை மாற்றுவது அவள். வழி சொல்வது அவள். வண்டி ஓட்டும்போது அப்பாவின் போன் அடித்தால் எடுத்துப் பேசுவதும் அவள்தான். அப்பாவின் மறுமணம் முடிந்த வாரம், பையோடு வந்து கதவைத் திறந்தால் உள்ளே புது மனைவி உட்கார்ந்திருக்கிறார். 13 வயதுப் பெண் ஒன்றும் சொல்லாமல் பின்னால் ஏறினாள். நான்கு நாள் அப்பாவோடு பேசவில்லை.

இதில் யார் மேல் தப்பு? மனைவி கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததில் ஒரு தப்பும் இல்லை. அந்தப் பெண் கோபப்பட்டதிலும் இல்லை. பெரியவர்களுக்கு இந்தக் கல்யாணம் தனிமை தீர்ந்த நாள். பிள்ளைக்கோ அது இன்னொரு இழப்பு. முதலில் அம்மா போனார், இப்போது அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த இடமும் போனது. இந்தக் கணக்கு பிள்ளையின் மனதில் ஓடிக்கொண்டிருப்பது பெரியவர்களுக்குத் தெரிவதே இல்லை. மறுமணம் செய்த வீடுகளில் வரும் முக்கால்வாசிச் சண்டைகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கட்டுரைக்காகப் பேசிய தம்பதி பெயர் வேண்டாம் என்றார்கள். பிள்ளைகளின் பள்ளியில் எல்லோருக்கும் தெரியவேண்டியதில்லை என்பதுதான் காரணம். கணவருக்கு 44 வயது. முதல் மனைவி நோயில் இறந்துபோனார். ஒரு மகள், ஒரு மகன். காரின் முன் இருக்கைக்காகக் கோபப்பட்டவள் அந்த மகள்தான். மனைவிக்கு 39 வயது. விவாகரத்தானவர், ஒரு மகள். இந்தச் சிறுமி ஒன்றுவிட்டு ஒரு வாரக் கடைசியில் தன் அப்பாவிடம் போய்த் தங்கி வருகிறாள். மறுமணம் ஆகி இரண்டரை வருடம் ஆகிறது.

"எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று நினைத்தோம்" என்றார் கணவர். "நாங்கள் இரண்டு பேரும் கஷ்டப்பட்டவர்கள், ஒருவரையொருவர் புரிந்துகொண்டவர்கள். அதனால் பிள்ளைகளும் புரிந்துகொள்வார்கள் என்று இருந்துவிட்டோம்."

அமெரிக்க உளவியலாளர் பட்ரீஷியா பேப்பர்னோ பல பத்தாண்டுகளாக இப்படிப்பட்ட குடும்பங்களோடு வேலை செய்தவர். இந்த வீடுகளின் அமைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது என்கிறார் அவர். பெற்ற தாயோ தந்தையோ எப்போதும் உள்ளே இருப்பவர். புதிதாக வந்தவர் எப்போதும் வெளியே இருப்பவர். இருவருக்கும் பிள்ளைகள் இருந்தால் இது இரட்டிப்பாகிறது. தன் மகள் மடியில் வந்து படுக்கும்போது இந்த வீட்டு மனைவி உள்ளே இருக்கிறார். கணவரும் அவர் மகளும் பழைய கதை ஏதோ பேசிச் சிரிக்கும்போது அதே கூடத்தில் இவர் வெளியே நிற்கிறார். அது யாருடைய குணக்கேடும் இல்லை. அந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. இதைத் தெரிந்துகொண்டாலே "என்னை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள்" என்ற வலி பாதி குறைகிறது.

வேகமாக ஒட்டிக்கொள்ளும் குடும்பங்களுக்கே நான்கு வருடம் போல ஆகிறது, பலருக்கு அதைவிட அதிகம் என்பதும் பேப்பர்னோ சொல்வதுதான். முதல் வருடத்திலேயே "இது சரிப்படாது" என்று முடிவுகட்டுகிறவர்கள் இந்தக் கால அளவை மனதில் வைக்கவேண்டும்.

கண்டிப்பது யார்?

இந்தத் தம்பதி வாங்கிய பெரிய அடி இதில்தான். வந்த புதிதிலேயே கணவருடைய மகனின் வீட்டுப்பாடம், மகளின் போன் நேரம் எல்லாவற்றையும் மனைவி கையில் எடுத்துக்கொண்டார். அக்கறையில்தான் செய்தார். கணவரும் நிம்மதியாக விட்டுவிட்டார். ஆறு மாதத்தில் அந்தப் பெண் "நீங்க எங்க அம்மா இல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னாள்.

அம்மா இல்லைதான். அந்த உண்மையை எதிர்த்து வாதாடுவதில் ஒரு பயனும் இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் சுமார் 1,400 குடும்பங்களை ஏறத்தாழ முப்பது வருடம் தொடர்ந்து ஆராய்ந்தவர். புதிதாக வந்த அப்பா முதலில் பிள்ளையோடு நட்பை வளர்த்துக்கொண்டு, கண்டிக்கும் வேலையைத் தாயிடமே விட்டு அவருக்குத் துணையாக நின்ற வீடுகளில் உறவு நன்றாக அமைந்தது என்று அவர் கண்டார். பதின்வயதின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் பெற்றோரின் மறுமணம் மிகவும் கடினம் என்பதும் அவர் ஆய்வில் வந்தது. அந்த வயதுப் பிள்ளை ஏற்கனவே வீட்டைவிட்டு விலகி நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறது. அந்த நேரம் பார்த்து "நெருங்கி வா" என்கிறோம்.

இதற்காகப் புதிதாக வந்தவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்பதில்லை. அத்தை வீட்டில் பிள்ளையை விட்டுப்போனால் அத்தை எப்படிச் சொல்வார்? "உங்க அப்பா ஒன்பது மணிக்குப் படுக்கச் சொல்லியிருக்கார், விளக்கை அணைக்கிறேன்" என்பார். சட்டம் அப்பாவுடையது, நடத்திவைப்பவர் அத்தை. அந்த வீட்டில் இப்போது இதே முறைதான். என்ன விதி என்று பெரியவர்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசுகிறார்கள். பிள்ளையிடம் அதைச் சொல்வது பெற்றவர் மட்டும். யார் பிள்ளையானாலும் அடிக்கக்கூடாது, ஒருவரையொருவர் கேவலமாகப் பேசக்கூடாது. இந்த இரண்டு மட்டும் முதல் நாளிலிருந்து எல்லோருக்கும் பொது.

> "அவள் என்னை நேசிக்கவேண்டும் என்று காத்திருந்தேன். மரியாதை இருந்தால் போதும் என்று முடிவு செய்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது."
> — மனைவி, 39

ஞாயிறு மாலை

மனைவியின் மகள் தன் அப்பா வீட்டிலிருந்து திரும்புவது ஞாயிறு மாலை ஆறு மணிக்கு. உள்ளே வந்ததும் ஒரு செருப்பு வாசலில், இன்னொன்று கூடத்தில். யார் என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல". கட்டிலில் ஏறி, தலையோடு கால் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிடுவாள். "அங்கே ஏதோ சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள்" என்றுதான் தாய் முதலில் நினைத்தார். துருவித்துருவிக் கேட்டார். அழுகையில் முடிந்தது.

உண்மையில் அந்தக் குழந்தை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அங்கே சந்தோஷமாக இருந்ததை இங்கே சொன்னால் அம்மாவுக்கு வலிக்குமோ, இந்தப் புது அப்பாவோடு சிரித்தால் அந்த அப்பாவுக்குத் துரோகமோ என்ற இழுபறியும் சேர்ந்துகொண்டது. இப்போது ஞாயிறு மாலை ஏழு மணிவரை அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. தானே எழுந்து வருகிறாள்.

பழைய கணவரைப் பற்றியோ மனைவியைப் பற்றியோ பிள்ளை காதுபட ஒரு வார்த்தை தவறாகப் பேசக்கூடாது. நியாயமான கோபமாக இருந்தாலும் கூடாது. பிள்ளை அதைத் தன்னைத் திட்டுவதாகவே கேட்கும்.

இறந்துபோன அம்மாவின் விஷயம் வேறு மாதிரி. போனவரோடு யாரும் போட்டியிட முடியாது, போட்டியிடவும் கூடாது. கூடத்தில் மாட்டியிருந்த முதல் மனைவியின் படத்தை எடுத்துவிடலாமா என்று கணவர் கேட்டபோது, இவர்தான் வேண்டாம் என்றார். அந்த வருட நினைவு நாளில் "உங்க அம்மாவுக்குப் பிடிச்ச பாட்டு எது?" என்று பெண்ணிடம் கேட்டார். அவள் இவரோடு உட்கார்ந்து நீளமாகப் பேசியது அன்றுதான் முதல்முறை.

என்ன சொல்லி அழைப்பது என்பதையும் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். பையன் சித்தி என்கிறான், சின்னவள் அங்கிள் என்கிறாள், பெரியவள் எதுவும் சொல்லாமல் நேராகப் பேச்சைத் தொடங்குகிறாள். வீடு நடக்கிறது.

"எல்லாரையும் ஒரே மாதிரி நேசிப்போம்" என்று கல்யாணத்துக்கு முன் சத்தியம் செய்துகொள்கிறவர்கள் உண்டு. அந்தச் சத்தியம் வேண்டாம். பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்த பிள்ளைமேல் இருக்கும் பாசமும் போன வருடம் அறிமுகமான பிள்ளைமேல் இருக்கும் பாசமும் ஒன்றாக இருக்காது. இருக்கவில்லையே என்று குற்ற உணர்ச்சியும் தேவையில்லை. பாசத்தைக் கட்டளை போட்டு வரவழைக்க முடியாது. நியாயத்தை முடியும். கைச்செலவுப் பணம், வீட்டுவேலை, திரை நேரம், யாருக்கு எந்த அறை, பிறந்தநாள் பரிசு: பிள்ளைகள் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பது இவற்றைத்தான். இதில் ஒரு பிசகு வந்தாலும் அடுத்த ஆறு மாதத்துக்கு அது பேச்சாக இருக்கும்.

இன்னொன்று. எல்லோரும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்று எல்லா நேரத்தையும் ஒன்றாகவே கழிக்கிறார்கள். பிள்ளைக்குத் தன் அப்பாவோ அம்மாவோ மட்டும் தனியாக வேண்டும். அந்த இருக்கைக்கு வந்த தீர்வும் அதுதான்: பள்ளிக்குப் போகும் காலை வேளையில் முன் இருக்கை மகளுக்கு, மற்ற நேரங்களில் மனைவிக்கு. சொன்னது மனைவி.

பிள்ளைகள் சொன்னது

*மூத்தவள், இப்போது 15:* "எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சம்மதம் கேக்க வேணாம். ஆனா கல்யாணத் தேதி வச்ச பிறகு சொன்னாங்க. அதுதான் கோபம். இப்போ அவங்களப் பிடிக்கும். அதை அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

*தம்பி, 11:* "எனக்கு அறை பங்கு போடறதுதான் பிரச்சினை. அலமாரியில நடுவுல ஒரு கோடு போட்டிருக்கோம். அவ பொம்மை கோடு தாண்டி வரும்."

*சின்னவள், 9:* "அங்கிள் சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தார். எங்க அப்பாகிட்ட சொன்னேன். அப்பா 'நல்லது'ன்னு சொன்னார்."

காகித வேலை

இதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். கல்யாணம் செய்துகொண்டதாலேயே துணையின் பிள்ளைக்குச் சட்டப்படி பெற்றோராகிவிட முடியாது; பெரும்பாலான நாடுகளில் இதுதான் நிலை. பள்ளியிலும் மருத்துவமனையிலும் கையெழுத்துப் போடும் உரிமை தானாக வராது. என்ன எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்று அந்தந்த இடத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கிவைத்துக்கொள்வது நல்லது. சட்டப்படி தத்தெடுப்பது தனி வழி. பிள்ளையின் இன்னொரு பெற்றோர் உயிரோடு இருந்தால் பொதுவாக அவருடைய சம்மதமோ நீதிமன்றத்தின் முடிவோ தேவைப்படும்.

சொத்தும் அப்படித்தான். உயில் இல்லாவிட்டால் துணையின் பிள்ளைக்குப் பல இடங்களில் பங்கு எதுவும் வராது. சில நேரம் முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்கு வரவேண்டியது புதுத் துணைக்குப் போகும். காப்பீட்டிலும் வங்கிக் கணக்கிலும் வாரிசாகப் பழைய துணையின் பெயரே கிடக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தம்பதி கல்யாணமாகி எட்டாவது மாதம் ஒரு வழக்கறிஞரிடம் போய்த் தனித்தனியாக இரண்டு உயில் எழுதினார்கள். மூத்தவளுக்கு விவரம் புரியும் வயது என்பதால், எதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளை உட்காரவைத்துச் சொல்லிவிட்டார்கள்.