தாராவி இட்லி வியாபாரிகளுக்கான கிரைண்டர் ஸ்லைடு வரிகள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். கிரைண்டரின் அம்சங்களைப் பட்டியலிட்டுத் தாங்கள் அனுப்பிய எக்செல் தாளின் 23 வரிசைகளில் ஐந்தை மட்டும் ஸ்லைடுகளுக்கு எடுத்துக்கொண்டேன். ஞாயிறு மாலை கூட்டத்துக்கு வருகிறவர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து இட்லி அவிப்பவர்கள். பவுடர் கோட்டிங்கின் நிறத்தைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள்.

தாளில் 19-ஆம் வரிசையில் கிடந்த "ஓராண்டு உத்தரவாதம்" என்பதையே முதலில் வைத்திருக்கிறேன், ஏனெனில் அவர்களுடைய பெரிய பயம் அதுதான்.

ஸ்லைடு 1
இரவு கிரைண்டர் நின்றாலும், மறுநாள் உங்கள் வியாபாரம் நிற்காது.
ஓராண்டு வரை, சயானிலிருந்து எங்கள் மெக்கானிக் அன்றே வருவார். பழுது நீங்கும்வரை மாற்று மிஷின் உங்கள் வீட்டில் இருக்கும்.

மாற்று மிஷின் தருவதாகத் தாங்கள் போனில் சொன்னதை நம்பியே இதை எழுதியுள்ளேன். முதலாளி ஒப்பவில்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஸ்லைடு 2
கல்லைத் தூக்காமலே மாவை இறக்கலாம்.
டிரம்மைச் சாய்த்தால் மாவு நேரே பாத்திரத்தில் விழும். ஒரு நாளைக்கு நான்கு முறை ஆட்டுகிற வீட்டில், குழவியைத் தூக்கித் தூக்கி இடுப்பு ஒடிய வேண்டியதில்லை.

தாளில் இது "டில்டிங் டிரம், 10 லிட்டர்" என்று மட்டுமே இருந்தது.

ஸ்லைடு 3
வீட்டு மின்இணைப்பே போதும், மூன்று ஃபேஸ் தேவையில்லை.
1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 1 யூனிட் ஆகும். பெரிய 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.

பிளக் செய்தியைச் சிறிய எழுத்தில் ஒளிக்க வேண்டாம். மிஷினை இறக்கிய பிறகு தெரிந்தால் சண்டைதான் வரும்.

ஸ்லைடு 4
மாவு சூடேறுவது குறைவு. மே மாதப் புழுக்கத்திலும் உளுந்து நன்றாகப் பொங்கும்.
கல் நிதானமாகச் சுற்றுகிறது. மாவு படும் டிரம் துருப்பிடிக்காத எஃகால் ஆனது.

முதலில் "சூடேறவே சூடேறாது" என்று எழுதிவிட்டு, ஆயுள் முழுக்க மாவாட்டிய ஆச்சிகள் சிரிப்பார்களே என்று மாற்றினேன்.

ஸ்லைடு 5
இரண்டடி அகல இடம் போதும்.

தாளில் 61 செ.மீ. என்று இருந்ததை அடியில் மாற்றியிருக்கிறேன். ஆனால் மிஷின் நிற்க இடம் இருப்பது ஒன்று, அது சந்துக்குள் நுழைந்து ஏணிப்படி ஏறுவது வேறு. ஆகவே கூட்டம் நடக்கும் தெருவில் இரண்டு மூன்று வீடுகளின் வாசலையும் படியையும் சனிக்கிழமைக்குள் டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். "உங்கள் படியில் ஏறும்" என்று உறுதியாக எழுத முடிந்தால், ஐந்தாவது ஸ்லைடின் தலைப்பே அதுதான்.