சாயங்காலம் பிள்ளைகளை அழைத்துச் செல்வது பற்றி, பெற்றோர் அனைவருக்கும்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் பள்ளி வாசலில் நடந்ததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒருத்தி, நின்றுகொண்டிருந்த இரண்டு கார்களுக்கு நடுவே புகுந்து எதிர்ப்பக்கம் நின்ற அம்மாவிடம் ஓடினாள். வந்துகொண்டிருந்த ஸ்கூட்டி சட்டென்று பிரேக் போட்டதால் முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. ஸ்கூட்டி ஓட்டியவர் மீது தப்பில்லை, அவர் மெதுவாகத்தான் வந்தார். காருக்குப் பின்னால் நிற்கும் மூன்றரை அடிக் குழந்தை அவர் கண்ணுக்குத் தெரியவே வாய்ப்பில்லை. அந்த இரண்டு கார்களில் ஒன்று இரண்டாவது வரிசையில் நின்றது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பாளையங்கோட்டையில் பள்ளிகளுக்குக் குறைவே இல்லை, எல்லாப் பள்ளிகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் விடுகின்றன, அதனால் மெயின் ரோட்டிலேயே நெரிசல் தொடங்கிவிடுகிறது. அது நம் கையில் இல்லை. ஆனால் நம் தெரு நம் கையில் இருக்கிறது. தெருவின் அகலம் இருபது அடிதான். ஒரு காருக்கு ஆறடி என்று வைத்தாலும் இருபக்கமும் ஒவ்வொரு வரிசை நின்றால் மீதி எட்டடி, பள்ளிப் பேருந்து ஒன்றே எட்டடிக்குக் குறையாது. இதில் இன்னொரு கார் இரண்டாவது வரிசையில் இன்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு நின்றால் பேருந்து, வேன், ஆட்டோ எல்லாம் அப்படியே நின்றுவிடும், அப்புறம் இடுக்கு கிடைக்கிற பக்கமெல்லாம் டூவீலர்கள் நுழையும், பிள்ளைகள் நடப்பதும் அதே இடுக்கில்தான். "ரெண்டு நிமிஷம்தான் மேடம், பையன் வந்ததும் எடுத்துடுறேன்" என்று தினமும் நம் வாட்ச்மேனிடமும் என்னிடமும் சொல்கிறீர்கள். உங்களுக்கு ரெண்டு நிமிஷம்தான். அடுத்தடுத்து இருபது பேர் அப்படி நின்றால் அது நாற்பது நிமிஷம். போன மாதம் எதிர்வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வந்த வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது, அவர் அதுவரை நடந்து போய் ஏறினார். இன்னொரு வண்டிக்கு இணையாக நிறுத்துவதும் பள்ளி வாயிலை மறித்து நிறுத்துவதும் சட்டப்படியே கூடாதவை, போலீஸ் அபராதம் போட்டால் பள்ளி தலையிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தனை பேர் ஏன் மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே வந்து வாசலில் நிற்கிறீர்கள் என்று பலரிடம் கேட்டேன். பிள்ளை தனியாக நின்றுவிடுமோ என்ற பயம்தான் பெரும்பாலோர் சொன்ன காரணம். அந்தப் பயம் நியாயமானது, அதனால் முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன்: சாயங்காலம் ஐந்து மணி வரை எந்தப் பிள்ளையும் கேட்டுக்கு வெளியே தனியாக நிற்காது. சின்ன வகுப்புகள் கலையரங்கத்தில் கிளாஸ் மிஸ்ஸோடு உட்கார்ந்திருப்பார்கள், பெரியவர்கள் நூலகத்தில் இருப்பார்கள். பள்ளி விட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து வாருங்கள். நெரிசலைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. லேட்டாக வந்ததற்காக யாரும் உங்களைக் கேள்வி கேட்க மாட்டோம்.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளிலிருந்து சில மாற்றங்கள் செய்கிறோம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 3.20க்கும், மற்றவர்களுக்கு 3.50க்கும் மணி அடிக்கும். அண்ணன், அக்கா பெரிய வகுப்பில் படித்தால் சின்னவர்கள் கலையரங்கத்தில் காத்திருந்து அவர்களோடு வரலாம், நீங்கள் இரண்டு முறை வர வேண்டியதில்லை. நடந்தும் சைக்கிளிலும் போகிற பிள்ளைகளைச் சின்ன கேட் வழியாக முதலில் அனுப்புவோம், அவர்கள் தெருவைத் தாண்டும் வரை முன் கேட் மூடியிருக்கும். பள்ளிப் பேருந்துகளும் வேன்களும் மைதானத்துக்குள்ளேயே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பின் கேட் வழியாகப் போகும்.

காரில் வருபவர்கள் தயவுசெய்து நம் தெருவுக்குள்ளேயே வர வேண்டாம். அம்மன் கோயில் திடலில் காலை 8 முதல் 9 வரையும், மாலை 3 முதல் 5 வரையும் நிறுத்திக்கொள்ளக் கோயில் நிர்வாகத்தார் அனுமதி தந்திருக்கிறார்கள், அவர்களுக்கு நம் எல்லோர் சார்பிலும் நன்றி. கோயில் கொடை நடக்கும் நாட்களில் மட்டும் அந்த இடம் கிடைக்காது, முன்கூட்டியே தகவல் அனுப்புவோம். திடலிலிருந்து சின்ன கேட் மூன்று நிமிட நடைதான், வழியில் இரண்டு ஆசிரியர்கள் நிற்பார்கள். (மாணவர்களை வெயிலில் நிறுத்தி டிராஃபிக்கைப் பார்க்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, அது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.) டூவீலர்கள் வாய்க்கால் பக்கச் சந்தில் சுவரை ஒட்டி ஒரே வரிசையாக நிற்கட்டும். ஆட்டோக்கள் மெயின் ரோடு முனையில் இருக்கும் ஸ்டாண்டில் நின்றால் போதும், பி.டி. சார் பிள்ளைகளை அங்கே கூட்டி வருவார். நடக்க முடியாத தாத்தா பாட்டி வருகிறார்கள், பிள்ளைக்குக் காலில் கட்டுப் போட்டிருக்கிறது, கர்ப்பமாக இருக்கிறீர்கள் என்றால் அலுவலகத்தில் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் வண்டியை மைதானத்துக்குள் விடுகிறோம்.

காலையில் இறக்கிவிடும்போது பிள்ளை இடது பக்கக் கதவு வழியாகவே இறங்கட்டும், வலது பக்கம் திறந்தால் பின்னால் வரும் டூவீலர் நேராகக் கதவில் மோதும். பேக்கை மடியிலேயே வைத்திருந்தால் டிக்கியைத் திறக்க வேண்டிய வேலையும் மிச்சம். ஸ்கூட்டியில் முன்னால் பிள்ளையை நிற்க வைத்துக் கூட்டி வருபவர்கள் இங்கே வந்து நின்றதும் முதலில் இன்ஜினை அணைத்துவிடுங்கள். இறங்கும் அவசரத்தில் பிள்ளை ஆக்ஸிலேட்டரைப் பிடித்துத் திருகிவிட்டால் வண்டி பிள்ளையோடு சேர்ந்து பாயும். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது 2019 சட்டத் திருத்தத்திலேயே இருக்கிறது, அப்பா மட்டும் போட்டுக்கொண்டு பிள்ளை வெறும் தலையோடு வருவதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், அம்மா குரல் கேட்டால் குழந்தை ரோட்டைப் பார்க்காது. நீங்கள் தாண்டி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். பள்ளியைச் சுற்றி நூறு மீட்டர் வரை ஹார்ன் அடிக்கக் கூடாத பகுதி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பெற்றோருக்குத் தனியாக ஒன்று. லைசன்ஸ் இல்லாத பிள்ளை தம்பி தங்கையைப் பின்னால் உட்காரவைத்து வண்டி ஓட்டி வந்தால், வண்டியை உள்ளே விட மாட்டோம், உங்களை வரச் சொல்லி அப்போதே போன் செய்வோம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் பெற்றோருக்குத்தான்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கப்போகிறது. மழை நாளில் எல்லோருமே கார் எடுப்பீர்கள், தெருவில் தண்ணீர் தேங்கினால் பள்ளமும் தெரியாது, குடைக்குள் குனிந்து வரும் பிள்ளைக்கு வண்டியும் தெரியாது. பலத்த மழையென்றால் மழை விடும் வரை பிள்ளைகளை உள்ளேயே வைத்திருப்போம், குறுஞ்செய்தி வந்த பிறகு கிளம்பி வாருங்கள்.

வேறு யார் அழைத்துப் போவதாக இருந்தாலும், தாத்தாவோ டிரைவரோ பக்கத்து வீட்டு அக்காவோ, இந்தக் கடிதத்தை அவர்களிடமும் படித்துக் காட்டுங்கள். டைரியில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள். இந்த ஏற்பாட்டில் ஏதாவது உங்கள் குடும்பத்துக்குச் சரிப்படாது என்றால் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கலையரங்கத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
முதல்வர்