பதிவுக்கு முன் வீட்டு வரி, கரண்ட் பாக்கி

வணக்கம் அண்ணே. வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவுக்கு டோக்கன் போட்டாயிற்று. அதற்கு முன் ஒரு விஷயம். மாநகராட்சி இணையதளத்தில் பார்த்தேன். வீட்டு வரி மூன்று அரையாண்டு நிலுவை, ரூ.7,260. குடிநீர், பாதாள சாக்கடைக் கட்டணம் ரூ.2,700. மாடி மீட்டரில் ரூ.1,845 கரண்ட் பில் நிற்கிறது. குடியிருந்தவர் கட்டாமலே காலி செய்துவிட்டார் போல. பாக்கி இருந்தால் பெயர் மாற்றத்துக்குப் போகும்போது என்னைத்தான் கட்டச் சொல்வார்கள். அக்ரிமெண்ட்டில் எழுதியபடி புதன்கிழமைக்குள் கட்டி, ரசீதுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இப்போது கையில் பணம் தோதில்லை என்றாலும் சரி, சொல்லுங்கள். நானே கட்டிவிட்டு மீதித் தொகையில் ரூ.11,805 கழித்துக்கொள்கிறேன். அப்புறம், பதிவன்று காலை இரண்டு மீட்டர் ரீடிங்கையும் சேர்ந்தே பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்வோம்.